நின்ற பயிரில் எடுத்த பங்கு

எங்கள் வீட்டுக் குசினித் தரையில் பதித்திருக்கிற வெள்ளை டைல்ஸ் அத்தனையும் அண்ணையின் இரவு வேலைக் காசு. பதித்த காலத்தில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். என் மூளை உழைத்த காசு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த காலம் அது. கிளிநொச்சியில் கடை கடையாக ஏறி இறங்கி, நிறம் பார்த்து, விலை பேசி, லாண்ட்மாஸ்ரர் உழவு மிசினில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வாசலில் நின்று பார்த்த மனைவி, "வழுக்குமே?" என்று மட்டும் கேட்டா.

எங்களுடையது மலைநாட்டிலிருந்து வந்த குடும்பம். அப்பா சாகும்வரை அடுத்தவனுடைய மண்ணில்தான் வேலை செய்தார். அண்ணை கனடாவுக்குப் போய், ரொறன்ரோவில் பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் சேர்ந்து, முதன்முதலில் மிச்சம் பிடித்த காசில் இங்கே இரண்டரை ஏக்கர் வயல் வாங்கினார். வாங்கியது அவர், செய்வது நான். பேச்சு இரண்டே வரியில் முடிந்தது. செலவு போக விளைச்சலில் பாதி அவருக்கு, பாதி எனக்கு. ஒருமுறை மாரிக் காலபோகம் முழுவதும் வெள்ளத்தில் போனது. நான் வாய் திறந்து கேட்கவில்லை. அடுத்த போகத்துக்கு விதைநெல் வாங்கக் காசு வந்து சேர்ந்தது. "அழிவெண்டா விதைநெல்லுக் காணிக்காரன்தான் குடுக்கோணும், அதுதான் முறை" என்றார் அண்ணை. காணியே இல்லாத குடும்பத்தில் பிறந்தவர் காணிக்காரனுடைய கடமையை எங்கே படித்தார் என்று நான் வியந்ததுண்டு.

எனக்கு வயலை விடப் படிப்பில்தான் நாட்டம். ரியூசன் சென்ரரில் உயர்தர மாணவர்களுக்குக் கணக்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்னேரங்களில் இணையத்தில் வீடியோ பார்த்துப் பார்த்து அமெரிக்கப் பங்குச் சந்தையின் ஒப்ஷன் வியாபாரத்தைக் கற்றுக்கொண்டேன். இரண்டு வருடம் வெறும் பயிற்சிக் கணக்கில் விளையாடிப் பார்த்துவிட்டுத்தான் அண்ணையிடம் வாய் திறந்தேன். அவரிடம் பதினாறாயிரம் அமெரிக்க டொலர் சேமிப்பு இருந்தது. முதுகு நோவோடு இருபது வருடம் பாண் தட்டுத் தூக்கிச் சேர்த்த காசு.

நான் செய்யப்போவதை அவருக்கு நெல்லை வைத்துத்தான் விளக்கினேன்.

"அண்ணை, ஒரு கமக்காரனுக்கு நெல்லு விலை விழுந்திடுமோ எண்டு பயம். நாங்கள் அவனிட்டச் சொல்லுறம், வாற வெள்ளிக்கிழமை வரைக்கும் விலை எவ்வளவு விழுந்தாலும் உன்ர நெல்லை நாங்கள் அம்பதுக்கு வாங்குவம் எண்டு. அந்த வாக்குக்கு அவன் இண்டைக்கே எங்களுக்கு ஒரு சின்னக் காசு தாறான். வெள்ளிக்கிழமை விலை அம்பதுக்கு மேல நிண்டா அவன் எங்களிட்ட வரமாட்டான். தந்த காசு எங்களுக்குத்தான்."

"கீழ போனா?"

"அம்பது குடுத்து வாங்கோணும். அதுக்குத்தான் முழுக் காசையும் கையில வைச்சிருக்கிறம்."

"அப்ப விதைச்சுப்போட்டுக் காவல் இருக்கிற மாதிரி."

"ஓம், அப்பிடித்தான்" என்றேன். அப்படியே இல்லை. ஆனால் அந்த உவமை எங்கள் இருவருக்கும் பிடித்துப்போனது. அதன்படியே பங்கும் பேசினோம். ஒவ்வொரு கிழமையும், வெள்ளிக்கு வெள்ளி, வாக்கு விற்று வருகிற காசில் பாதி எனக்கு. கணக்கிலிருந்து எதையும் எடுப்பதில்லை, அது அங்கேயே கிடந்து வளரட்டும். என் பாதியை அண்ணை தன் சம்பளத்திலிருந்து சனிக்கிழமை அனுப்பிவிடுவார். வயல் செய்கிற எங்களுக்குப் பாதிப் பங்கைத் தவிர வேறொரு பேச்சு வாயில் வராது. அறுவடை எது, நிற்கிற பயிர் எது என்று அந்த நேரம் இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக் கூரைக்குச் சூரிய மின்தகடு விற்கிற ஒரு அமெரிக்கக் கம்பனியைத் தெரிந்தெடுத்தேன். பங்கு ஐம்பத்திரண்டு டொலர். ஐம்பது டொலருக்கு வாங்குவேன் என்ற வாக்கு, கிழமைக்கு ஒன்று. இதைப் புட் என்பார்கள். ஒரு ஒப்பந்தம் நூறு பங்குக்கு. நான் மூன்று விற்றேன், பதினையாயிரம் டொலர் பொறுப்பு. பங்குக்கு அறுபது சதப்படி நூற்றெண்பது டொலர் வந்தது. என் பாதி தொண்ணூறு. ரியூசனில் தொண்டை கிழியக் கத்தி உழைப்பதை நினைத்துப் பார்த்தேன், சிரிப்பு வந்தது.

அங்கே காலை ஒன்பதரைக்குச் சந்தை திறக்கும்போது இங்கே இரவுச் சாப்பாட்டுக்கு முந்திய நேரம். கணக்குக்குள் நுழைய ஒவ்வொரு முறையும் ஆறு இலக்கம் ஒன்று அண்ணையின் கைத்தொலைபேசிக்குத்தான் வரும். அவர் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார், அல்லது கட்டிலில் கிடந்து கண் எரிய முழித்துக்கொண்டிருப்பார். இலக்கத்தை அனுப்பிவிட்டு, "சரியோ தம்பி? நான் படுக்கப்போறன்" என்று எழுதுவார். சனிக்கிழமை காசு வந்ததும் நான் "கிடைச்சது அண்ணை" என்று பதில் போடுவேன். எங்கள் உறவு முழுவதும் கொஞ்சக் காலமாக இந்த இரண்டு வரியில்தான் நடந்தது.

சும்மா சொல்லக்கூடாது, தொடக்கத்தில் ஒழுங்காகத்தான் செய்தேன். அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு மட்டையில் எழுதி ஒட்டியிருந்தேன். விற்ற வாக்கின் விலை ஐந்து சதத்துக்கு இறங்கினால் அந்த ஐந்து சதத்தையும் கொடுத்துத் திருப்பி வாங்கி முடித்துவிடு, கடைசி நாள் வரை காத்திருந்து மிச்சத்தையும் நக்கப் பார்க்காதே. முடிவு நாள் நெருங்க நெருங்கப் பங்கின் சின்ன அசைவும் பெரிய அடியாக விழும். தள்ளுவதென்றால் காசு உள்ளே வருகிற மாதிரி இருந்தால் மட்டும் தள்ளு. அதுவும் போதாது. இன்றைக்கு என் கையில் ஒன்றும் இல்லையென்றால் இந்தப் புதிய வாக்கைப் புதிதாக விற்பேனா என்று உன்னையே கேள். இல்லை என்றால் முடித்துவிடு.

தள்ளுவது என்று நாங்கள் சொல்வதை அந்த உலகத்தில் ரோல் என்பார்கள். பழைய வாக்கைத் திருப்பி வாங்குவதும், பிந்திய திகதிக்குப் புதிய வாக்கை விற்பதும் ஒரே கட்டளையில் நடக்கும். பத்தாவது கிழமை போல ஒரு புதன்கிழமை, பங்கு நாற்பத்தொன்பதரைக்கு இறங்கியது. இரண்டு நாள் மிச்சம். என் வாக்கின் விலை ஒரு டொலர் பத்துச் சதம். அடுத்த கிழமைக்கு, ஐம்பதுக்குப் பதிலாக நாற்பத்தொன்பதுக்கு வாங்குகிற வாக்கு ஒரு டொலர் முப்பதுக்குப் போனது. ஆக, ஒரு டொலர் கீழே இறங்கி நிற்கிறேன், அதற்கு மேலும் இருபது சதம் வருகிறது. கம்பனியில் கெட்ட செய்தி எதுவும் இல்லை. மட்டையில் எழுதியிருந்த கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். ஓம், இதைப் புதிதாகவும் விற்பேன் என்று மனம் சொன்னது. தள்ளினேன். அடுத்த கிழமை பங்கு மேலே போனது, ஐந்து சதத்துக்கு வாங்கி முடித்தேன். தள்ளுவது என்றால் அப்படித்தான் தள்ள வேண்டும். அதனால்தான், தெரியாமல் கெட்டேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லாமல் போனது.

இருபத்திரண்டு கிழமையில் கணக்கில் இருந்த காசு, கடைசியாக விற்ற வாக்கின் காசும் சேர்த்து, பத்தொன்பதாயிரத்து எண்பது டொலராகியது. அண்ணைக்குத் தன் தொலைபேசியில் அந்தக் காசு இலக்கத்தை மட்டும் பார்க்கத் தெரியும். "தம்பி, இருபதாயிரம் தொட்டா நான் இரவு வேலையை விடுறன். இந்தக் காசை எடுத்துப் போட்டு ஒரு வருசத்தைச் சமாளிப்பன். அதுக்குள்ள பகல்ல ஏதும் இலேசான வேலை கிடைக்கும். முதுகு இனித் தாங்காது" என்றார். நான் பெருமையாக, "கனநாள் இல்லை அண்ணை" என்றேன்.

அதற்குப் பிறகு வந்த கிழமையில்தான் கம்பனி தன் காலாண்டு அறிக்கையை வெளியிட்டது. விற்பனை விழுந்திருக்கிறது, வருகிற மாதங்களிலும் விழும் என்று அவர்களே சொன்னார்கள். வியாழக்கிழமை பங்கு நாற்பத்தாறு. நான் அறுபது சதத்துக்கு விற்ற வாக்கு நான்கு டொலர் பத்துச் சதத்தில் நின்றது. விடிந்தால் வெள்ளி, முடிவு நாள்.

முடித்திருந்தால் ஆயிரத்து இருநூற்று முப்பது டொலர் கட்ட வேண்டும். ஏறக்குறைய ஒன்பது கிழமை விளைச்சல் ஒரே அடியில். பங்குப் பேச்சின்படி அதில் பாதி என் தலையில். ஆனால் என் பாதி அப்போது குசினித் தரையாகக் கிடந்தது.

லப்டொப்புக்கு முன்னால் நான் அசையாமல் இருந்ததைக் கண்டு மனைவி பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தா. அவா கமநல சேவை நிலையத்தில் வேலை. பயிர் அழிவுப் படிவங்களைப் பதினைந்து வருடமாக நிரப்புகிறவ. விசயத்தைச் சொன்னேன்.

"அப்ப முடிச்சுவிடுங்கோவன்."

"ஒரு மாதம் தள்ளினா இன்னும் ஒரு டொலர் முப்பது வருகுது. முன்னூற்றித் தொண்ணூறு டொலர். நட்டமே இல்லை, பாரும்."

"நட்டம் எங்க போச்சு?"

"புது வாக்குக்குள்ள போட்டுது. பங்கு திரும்பி மேல வந்தா..."

"வருமோ?"

நான் கட்டளைப் பெட்டியைத் திறந்தேன்.

"கையில ஒண்டுமே இல்லையெண்டா இண்டைக்கு இந்தக் கம்பனிக்கு இந்த விலைக்கு வாக்குக் குடுப்பியளோ?"

மட்டையில் நான் எழுதி வைத்த கேள்வியை அவா அலுமாரி திறக்கும்போதெல்லாம் வாசித்திருக்கிறா. எனக்குக் கோபம் வந்தது. சரியாகக் கேட்டதால் வந்த கோபம்.

"உமக்கு இது விளங்காது" என்றேன். கட்டளையை அழுத்தினேன்.

வாழ்க்கையில் நான் செய்த மிக மோசமான வியாபாரம், அதுவரை வந்த எல்லா அறுவடையையும் விடப் பெரிய அறுவடையாக அண்ணைக்குப் போய்ச் சேர்ந்தது. "இந்தக் கிழமை 390" என்று எழுதினேன். கைதட்டுகிற படம் மூன்று அனுப்பினார். சனிக்கிழமை என் பாதி நூற்றுத் தொண்ணூற்றைந்து டொலர் வந்தது. "கிடைச்சது அண்ணை" என்றேன். எனக்குச் சோறு இறங்கியது, நித்திரையும் வந்தது. அதை நினைக்கத்தான் இன்றைக்கும் என்மேல் எனக்கு அருவருப்பு.

ஒரு மாதம் கழித்துப் பங்கு நாற்பத்தொன்று. வாக்கின் விலை ஒன்பது டொலருக்கு மேல். இந்த முறை ஒரு மாதம் தள்ளினால் இருபத்தைந்து சதம்தான் வந்தது. பங்கு ஐம்பதை விட்டு விலகிக் கீழே போகப் போக, காலத்துக்காக எவனும் தருகிற காசு சுருங்கிக்கொண்டே போகும். நல்லபடி தள்ளவேண்டிய நேரம் எப்போதோ கடந்துவிட்டது என்பதற்கு அதைவிட வேறு அடையாளம் தேவையில்லை. நான் அதை அடையாளமாக எடுக்கவில்லை. மூன்று மாதம் தள்ளிப் பார்த்தேன், ஒரு டொலர் பத்து. முன்னூற்று முப்பது டொலர். அண்ணைக்குச் செய்தி போனது. எனக்குப் பாதி வந்தது. மனைவி அன்றைக்குப் பக்கத்தில் வந்து இருக்கவில்லை. குசினிக்குள் பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

அந்த மூன்று மாதமும் சனிக்கிழமைகள் வெறுமையாகப் போயின. அண்ணை ஒருமுறை, "என்னடா, இப்ப விதைப்பில்லையோ?" என்று கேட்டார். "நீண்ட பயிர் அண்ணை, பொறுங்கோ" என்றேன். பொய் சொல்கிறபோதும் வயலை விட்டு வெளியே வர எனக்குத் தெரியவில்லை.

மூன்று மாதம் முடிகிற கிழமை பங்கு முப்பத்து மூன்று. பதினேழு டொலர் ஆழத்தில் நின்றேன். வாங்குகிறவன் கேட்கிற விலைக்கும் விற்கிறவன் சொல்கிற விலைக்கும் நடுவே மாடு மேய்க்கலாம் போல இடைவெளி. காலத்துக்கான பெறுமதி கரைந்துவிட்டால் எதிர்ப்பக்கத்துக்காரன் முடிவு நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை. எந்த நாளும் வந்து, இந்தா பங்கு, ஐம்பது தா என்று தலையில் கட்டிவிடலாம். அதற்குப் பயந்து, வருகிற தை மாதம் வரை ஒன்பது மாதத்துக்குத் தள்ளினேன். எழுபத்தைந்து சதம் வந்தது. இருநூற்று இருபத்தைந்து டொலர்.

கணக்கில் காசு இருபதாயிரத்து இருபத்தைந்தாகியது.

அண்ணை அந்த இலக்கத்துக்காகத்தான் காத்திருக்கிறார் என்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை. ஒவ்வொரு தள்ளலும் கணக்கில் காசைக் கூட்டிக் காட்டும். கொடுத்த வாக்கின் கடன் வேறொரு வரியில், கழித்தல் குறியோடு, யாரும் பார்க்காத இடத்தில் கிடக்கும். கணக்கியல் படிப்பிக்கிறவன் நான். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துச் சந்தோசப்படாதே என்று பத்து வருடமாகப் பிள்ளைகளுக்குக் கத்தினவன்.

இரண்டு கிழமை கழித்து, வெள்ளிக்கிழமை சந்தை திறந்த சற்று நேரத்தில் அண்ணை அழைத்தார். இப்போதெல்லாம் அந்த நேரத்தில் அவர் நித்திரை. குரல் உற்சாகமாக இருந்தது.

"தம்பி, நேற்றோட கடைசி இரவு. வேலையை விடுறன் எண்டு கடிதம் குடுத்து ரண்டு கிழமை முடிஞ்சுது. பொடியள் கேக் வெட்டினவங்கள். இப்ப காசை எடுப்பம் எண்டு பார்த்தா ஐயாயிரத்துக்கு மேல எடுக்க விடுதில்லை. என்ன, பூட்டி வைச்சிருக்கிறாங்களோ?"

நான் கதிரையில் இருந்து எழும்பினேன். திரும்ப இருந்தேன்.

"அண்ணை, கடிதத்தைத் திருப்பி எடுக்கேலாதோ?"

"ஏன்ரா?"

சொன்னேன். எழுதி வைத்து ஒப்புவித்த மாதிரி இல்லை, முன்னுக்குப் பின் முரணாக, உளறி. பதினையாயிரம் வாக்குக்குப் பிணையாக நிற்கிறது. பங்கு இப்போது முப்பது. வாக்கைத் திருப்பி வாங்கினால் ஆறாயிரத்துச் சொச்சம் போகும். மிஞ்சுவது பதின்மூவாயிரத்து எண்ணூறு போல. நீங்கள் போட்டதை விடவும் குறைவு.

அவருக்குப் பின்னால் கெற்றிலில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப அந்த முன்னூற்றித் தொண்ணூறு?"

"அது தள்ளின காசு அண்ணை. நட்டத்தைப் பின்னுக்குத் தள்ளினதுக்கு வந்த காசு."

"இலாபமில்லையோ?"

"இல்லை."

"நீ அறுவடை எண்டெல்லோ சொன்னனீ."

நான் ஓம் என்றேன். அவர் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன், சந்தையைக் குறை சொல்லியிருப்பேன். அவர் திட்டவில்லை. மிகவும் மெதுவாக, ஏதோ கடையில் விலை குறைக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"இன்னொருக்காத் தள்ளேலாதோ தம்பி? ஒரு வருசம் தள்ளிப் பார். திரும்பி வந்தாலும் வரும்தானே."

அந்த ஆசையை அவருக்குப் பழக்கியவன் நான். கிழமைக்குக் கிழமை ஊட்டியவன் நான். வருகிற தைக்கும் அடுத்த வருடத் தை மாதத்தை எடுத்துப் பார்த்தேன். பிடிவாதமாகப் பேரம் பேசினால் பங்குக்கு நாற்பது சதம் வரும். நூற்றிருபது டொலர். என் பாதி அறுபது. அந்த நேரத்திலும் மண்டைக்குள் ஒரு மூலை அந்தப் பாதியைக் கணக்குப் போட்டது. இதை எழுதாமல் விட்டால் இந்த முழுக் கதையும் பொய்.

தள்ளியிருந்தால் அண்ணை அன்றைக்கு நிம்மதியாகப் படுத்திருப்பார். கணக்கில் இருபதாயிரத்து நூற்றுச் சொச்சம் என்று காட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அந்தக் கம்பனிக்கு இருந்த கடனையும், விழுந்துகொண்டிருந்த விற்பனையையும் நான் வாசித்திருந்தேன். கையில் ஒன்றும் இல்லையென்றால் அன்றைக்கு நான் அதற்கு ஐம்பது டொலர் வாக்கு அல்ல, இருபது டொலர் வாக்கும் கொடுத்திருக்கமாட்டேன். நாலரை மாதத்துக்கு முன்பு, ஆயிரத்து இருநூறு டொலரோடு போயிருக்க வேண்டிய விசயம்.

"இல்லை அண்ணை. முடிப்பம். இலக்கத்தை அனுப்புங்கோ."

"முடிச்சா எல்லாம் முடிஞ்சுதோ?"

"நட்டம் முடியும்."

ஆறு இலக்கம் வந்தது. கூடவே வழக்கமாக வருகிற "சரியோ தம்பி?" வரவில்லை. பங்குக்கு இருபது டொலர் அறுபது சதம் கொடுத்து மூன்றையும் திருப்பி வாங்கினேன். ஆறாயிரத்து நூற்றெண்பது. மிச்சம் பதின்மூவாயிரத்து எண்ணூற்று நாற்பத்தைந்து. கமிசன் சில்லறை வேறு. முடித்துவிட்டேன் என்றபோது, "சரி, நான் படுக்கப்போறன்" என்றார். அன்றைக்குத்தான் அவருக்கு முதன்முதலாக இரவில் வேலைக்குப் போகத் தேவையில்லாத நாள்.

லப்டொப்பை மூடும்போது மனைவி வாசலில் நின்றா. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறா.

"உங்கட பாதியைச் சொன்னியளோ?"

"என்ன பாதி?"

"அந்தாள் கிழமைக்குக் கிழமை சம்பளத்தில இருந்து அனுப்பினது. திருப்பித் தாறன் எண்டு சொன்னியளோ?"

"சொல்லத்தான் நினைச்சனான்."

அவா என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. அழிவுப் படிவத்தில் பொய்க் கணக்கு எழுதிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகின கண்.

அண்ணையுடைய பழைய இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அதே தொழிற்சாலையில் குளிர் அறைப் பக்கம் இரவு வேலை கிடைத்தது. உறைந்த மாப்பெட்டி தூக்குவது. முதுகுக்குக் கட்டுகிற பட்டி ஒன்று வாங்கியதாக மனைவிக்குத்தான் சொல்லியிருக்கிறார், எனக்கல்ல. கம்பனிப் பங்கு இருபதுக்குக் கீழே போனது. அதைப் பார்த்து, நல்லவேளை முடித்தேன் என்று ஒரு நாள் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அதுவும் அலுத்துவிட்டது. மட்டையை அலுமாரியிலிருந்து கிழித்தேன். பசை பிடித்த இடம் மட்டும் மஞ்சளாக நிற்கிறது.

திருப்பிக் கொடுப்பதைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. சிறுபோகம் முடியட்டும், நெல்லு விற்றதும் சொல்வோம் என்று ஒரு முறை நினைத்தேன். ரியூசன் மாணவர்கள் காசு கட்டட்டும், பிறகு சொல்வோம் என்று இன்னொரு முறை. அதையும் தள்ளிக்கொண்டுதான் இருந்தேன்.

ஐப்பசியில் முதல் மழை பெய்து, உழவு மிசின்காரனை நான் தேடிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, வங்கியிலிருந்து செய்தி வந்தது. கனடாவிலிருந்து காசு. சரியாகத் தொண்ணூறு டொலர். நல்ல கிழமை ஒன்றில் என் பங்கு எவ்வளவோ, அவ்வளவு. வயலுக்கு விதைநெல் வீட்டிலேயே இருந்தது. அது அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரத்தில் வட்ஸ்அப்பில் அண்ணை எழுதினார்.

"வெள்ளம் வந்தா ஆர் என்ன செய்யிறது தம்பி. நீயும் பாவம், உனக்கும் அரைவாசி அழிஞ்சுதுதானே. அழிவெண்டா விதைநெல்லுக் காணிக்காரன்தான் குடுக்கோணும். வைச்சிருந்து ஆறுதலாத் திருப்பித் தொடங்கு."

எனக்கு ஒன்றும் அழியவில்லை. என் பாதியை நான் பயிர் நிற்கும்போதே தின்றுவிட்டேன். அழிந்தது முழுவதும் அவருடையது. வெள்ளமும் வரவில்லை, வரம்பை வெட்டித் திறந்துவிட்டவனே நான்தான். இதையெல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். அங்கே அப்போது விடிகாலை, குளிர் அறையில் இன்னும் வேலை முடிந்திருக்காது.

எழுதினதை அழித்துவிட்டு, "கிடைச்சது அண்ணை" என்று அனுப்பினேன்.